கண்ட பதினைந்து தினங்களுக்குள்

கட்சிக் கிளைச் செயலாளரின் மனைவிக்கு இடது புருவத்தைத் திருத்தி முடித்து, வலது புருவத்துக்கு நூலைக் கொண்டுபோன சமயத்தில்தான் பார்லர் அக்காவுக்கு அந்தச் சேதி கிடைத்தது. நாற்காலியில் மல்லாந்து கண்ணை மூடியிருந்த அந்த அம்மாள், வெயிலைப் பற்றிப் பேசுகிற மாதிரி சாதாரணமாகச் சொன்னாள்.

"உங்க வீட்ட யாரோ கட்சிக்காரங்க கேக்கறாங்களாமே? உங்க வீட்டுக்காரர் வந்து எங்க வீட்டுக்காரர்கிட்ட அழாத குறையா கேட்டாராம். அது எங்க ஆளுங்க இல்லம்மா. சத்தியமா இல்ல. எதிர்க்கட்சியா இருக்கும்."

பல்லில் கடித்திருந்த நூல் ஒரு இழுப்பு அதிகமாக இழுத்துவிட்டது. வலது புருவத்தின் வால் பக்கம் கொஞ்சம் காலி. பார்லர் அக்கா சத்தம் காட்டாமல் பென்சிலை எடுத்து, போனதை வரைந்து நிரப்பி, கண்ணாடியைத் தூரத்தில் பிடித்துக் காட்டி அனுப்பிவைத்தாள். தொழிலில் இதெல்லாம் நடப்பதுதான். அந்த அம்மாள் முகம் கழுவும்போதுதான் வினை, அதைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம்.

அவளை அந்தச் சுற்றுவட்டாரத்தில் வயசானவர்கள்கூட அக்கா என்றுதான் கூப்பிட்டார்கள். அம்மா காலமானபின் அந்த வீட்டில் இருந்தது அவளும் அவள் புருஷனும் மட்டும். முன் அறைதான் பார்லர். முன்னே அது தம்பியின் அறை. வேலை கிடைத்து அவன் வெளியூர் போனதும் ஜன்னலோரம் இருந்த கட்டிலைத் தூக்கிவிட்டு, சாயும் நாற்காலி ஒன்றும் ஆளுயரக் கண்ணாடி ஒன்றும் போட்டாள். வீடு போனால் பார்லர் போச்சு, பார்லர் போனால் பிழைப்பு போச்சு. இதைப் புரிந்துகொள்ள அவளுக்கு எந்தக் கட்சியும் விளக்கம் சொல்ல வேண்டியிருக்கவில்லை. கட்சிக்காரர்களுக்கு அவள் வீட்டில் என்ன வேலை என்பதுதான் தலையும் புரியவில்லை, காலும் புரியவில்லை.

புருஷன் பள்ளிக்கூட வேன் ஓட்டுபவர். நாய் குறுக்கே வந்தாலும் ஆரன், நிழல் குறுக்கே வந்தாலும் ஆரன் என்பதால் பிள்ளைகள் அவருக்கு வைத்த பெயர் ஆரன் மாமா. மத்தியானம் வேன் வாசலில் நின்றதும் அவள் இடுப்பில் கையை ஊன்றிக்கொண்டு நின்றாள். ஆரன் மாமா இறங்குவதற்கு முன்பே முகம் வெளிறிவிட்டது.

"எந்தக் கட்சிங்க?" என்றாள்.

அவர் ஓட்டுநர் இருக்கைக்கு அடியில் கையைவிட்டு ஒரு கவரை எடுத்தார். அதன் வாயைப் பழுப்பு டேப்பால் மூன்று சுற்று சுற்றியிருந்தார். பழைய வீட்டைக் காலி செய்கிறவர்கள் பாத்திர மூட்டையைக் கட்டுவார்களே, அந்தக் கட்டு.

"பதிவுத் தபாலு. போன வாரத்துக்கு முந்தின வாரம் வந்துச்சு. வக்கீல் நோட்டீஸு."

"யாரு பேருக்கு?"

"உன் பேருக்குத்தான்."

"என் பேருக்கு வந்தத நீங்க எதுக்கு வாங்கினீங்க?"

"தபால்காரர் அவசரப்படுத்தினாரு. நீ அப்ப யாரோ ஒரு பொண்ணு மூஞ்சில மாவு பூசிட்டிருந்த."

"அது மாவு இல்ல. ஃபேஸ் பேக்கு. வாங்கினீங்க சரி, என்கிட்ட ஏன் காட்டல?"

இங்கேதான் ஆரன் மாமாவின் முகத்தில் ஒரு தெளிச்சி வந்தது. பத்து நாளாக ராத்திரி தூக்கமில்லாமல் யோசித்துக் கண்டுபிடித்த விஷயத்தைச் சொல்லப்போகிற மனுஷனின் தெளிச்சி.

"இங்க பாரு. நான் மொதல் வரி படிச்சேன். 'எமது கட்சிக்காரர்'னு ஆரம்பிக்குது. கட்சின்னதும் பயந்துட்டேன். உடனே கடைசிக்குப் போயிட்டேன். அங்க என்ன போட்டிருக்கு? 'இவ்வறிவிப்பு கண்ட பதினைந்து தினங்களுக்குள்' வீட்ட ஒப்படைக்கணும்னு. கண்டன்னா என்ன? பார்த்தன்னு அர்த்தம். யாரு பேருக்கு வந்திருக்கோ அவங்க பாக்கணும். நீ பாக்கல. அப்ப உனக்கு ஒரு நாளும் இன்னும் ஆரம்பிக்கல. டேப்ப ஒட்டிட்டேன்."

"அப்ப நீங்க பாத்தது?"

"நான் நடுவுல பாக்கவே இல்லயே!"

அவர் சொன்னதில் எங்கோ ஓட்டை இருக்கிறது என்று அவளுக்கு உறைத்தது. எங்கே என்றுதான் பிடிபடவில்லை. கவரைப் பிடுங்கக் கை நீட்டினாள். நீட்டிய கையை அவளே பின்னுக்கு இழுத்துக்கொண்டாள். ஒருவேளை இவர் சொல்வது சரியாக இருந்து, தான் பார்த்த நிமிஷத்திலிருந்து நாள் ஓட ஆரம்பித்துவிட்டால்? பத்து நாளாக இந்தக் காகிதம் பள்ளிக்கூடப் பிள்ளைகளோடு ஊர் சுற்றியிருக்கிறது என்று நினைக்க எரிச்சலும் வந்தது, அழுகையும் வந்தது. எதை முதலில் வரவிடுவது என்று தெரியாமல் நாற்காலியைத் துடைத்தாள். ஏற்கெனவே துடைத்த நாற்காலிதான்.

மறுநாள் இரண்டு பேரும் நீதிமன்றத்துக்குப் பின்பக்கம் இருக்கும் இலவச சட்ட உதவி மையத்துக்குப் போனார்கள். ஜெராக்ஸ் கடைகளுக்கும் டைப் அடித்துக் கொடுக்கிறவர்களுக்கும் நடுவே இருந்தது அது. ஒரே அறையைப் பலகையால் இரண்டாகத் தடுத்திருந்தார்கள். முன்பாதியில் ஒரு மேஜை, ஒரு பெஞ்சு, மூடி தொலைந்துபோன தண்ணீர் கேன். தடுப்பில் ஒரு கதவு. கதவுக்கு மேலே பெரிய எழுத்தில் எழுதியிருந்தது: இங்கே விளக்கம். உள்ளே ஆலோசனை.

விளக்கத்துக்கும் ஆலோசனைக்கும் என்ன வித்தியாசம் என்று பார்லர் அக்காவுக்கு விளங்கவில்லை. இரண்டுக்கும் ஒரே வரிசையாக இருந்தால் நல்லது என்று மட்டும் நினைத்துக்கொண்டாள்.

மேஜையில் உட்கார்ந்திருந்த பெண்ணுக்கு முப்பது வயசு இருக்கலாம். தடித்த மூக்குக்கண்ணாடி, கையில் பென்சில். மையத்தில் பயிற்சி எடுத்த தன்னார்வலர் என்று சட்டையில் குத்தியிருந்த அட்டை சொன்னது. புருவம் இரண்டும் ஒன்றோடொன்று கைகுலுக்கிக்கொண்டிருந்தன. வேறு நாளாக இருந்தால் பார்லர் அக்காவுக்குக் கை துறுதுறுத்திருக்கும்.

"மேடம், ஒரு உதவி" என்று கவரைக் குப்புற வைத்து நீட்டினாள். "இதுல என்ன இருக்குன்னு நீங்க பாத்துட்டுச் சொல்லுங்க. ஆனா என் கண்ணுல காட்டாதீங்க."

கண்ணாடிப் பெண் கவரையும் டேப்பையும் பார்த்தாள். பிறகு அவளைப் பார்த்தாள்.

"ஏங்க, கண்ணுல ஏதாவது ஆபரேஷனா?"

ஆரன் மாமா முன்வந்து 'கண்ட' என்பதன் தத்துவத்தை விளக்கினார். சொல்லச் சொல்ல அவர் குரலில் பெருமை ஏறியது. கண்ணாடிப் பெண் சிரிக்கவில்லை. அதற்காகவே அவளுக்கு ஒரு கும்பிடு போடலாம். பென்சிலை மேஜையில் வைத்துவிட்டு நிதானமாகச் சொன்னாள்.

"சார், இந்த மாதிரி நோட்டீஸ்ல 'கண்ட'ன்னு எழுதினா, வழக்கமா 'கையில கிடைச்ச'ங்கற அர்த்தத்துலதான் எழுதறாங்க. டேப்பு ஒட்டினா நாள் நிக்கும்னு நம்பி இருக்காதீங்க. அவங்க பேருக்கு வந்தத நீங்க கையெழுத்துப் போட்டு வாங்கினது எந்தக் கணக்குல சேரும்ங்கறது சட்டக் கேள்வி. அது உள்ள இருக்கற வக்கீல் சொல்ல வேண்டியது. நான் சொல்லக் கூடாது. கவரப் பத்திரமா வைங்க. தபால் முத்திரை அதுலதான் இருக்கு. என்னிக்கு வாங்கினீங்க?"

ஆரன் மாமா ஊதிய பலூனில் ஊசி பட்ட மாதிரி ஆனார். தேதியைச் சொன்னார். பென்சில் அதைக் குறித்துக்கொண்டது. பிறகு கத்தரிக்கோல் டேப்பை வெட்டியது. கண்ணாடிப் பெண் காகிதத்தை முதலில் தனக்குள் படித்தாள், முழுசாக. நிமிரவே இல்லை. பார்லர் அக்கா அவள் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். முகம் பார்த்தே ஆளின் தோலையும் தூக்கத்தையும் சொல்லிவிடுகிறவளுக்கு இந்த முகத்திலிருந்து ஒன்றும் எடுக்க முடியவில்லை.

"மொதல்ல இது என்னன்னு சொல்லிடறேன். இது ஒரு வக்கீல் எழுதின கடிதம். கோர்ட்டு உத்தரவு இல்ல. இத வெச்சுக்கிட்டு யாரும் வந்து உங்கள வெளிய போகச் சொல்ல முடியாது. இதுல எழுதியிருக்கறது எல்லாம் அனுப்பினவங்க தரப்பு. நிஜமா பொய்யான்னு இந்தக் காகிதம் முடிவு பண்ணாது. சரியா?"

"சரிங்க. எந்தக் கட்சி?"

கண்ணாடிப் பெண் ஒரு பெயரை வாசித்தாள். தொடர்ந்து தகப்பனார் பெயரையும் ஒரு வெளியூர் முகவரியையும் வாசித்தாள்.

பார்லர் அக்காவுக்குக் காதில் கொய்யென்று சத்தம் கேட்டது. அந்தத் தகப்பனார் பெயர் அவளுடைய அப்பா பெயர்.

"அது என் தம்பிங்க" என்றாள்.

"தம்பி எப்ப கட்சியில சேந்தான்?" என்றார் ஆரன் மாமா.

"சார், வக்கீல் பாஷையில கட்சிக்காரர்னா, அவர் யாருக்காகப் பேசறாரோ அந்த ஆளு. அவ்வளவுதான். கொடி, கூட்டம் ஒண்ணும் கிடையாது. இந்த வக்கீலோட கட்சிக்காரர் உங்க மச்சான்."

எதிர்க்கட்சியே தேவலாம் என்று தோன்றியது பார்லர் அக்காவுக்கு. கட்சிக்காரர்கள் என்றால் பயப்படலாம், திட்டலாம், தெரு ஜனத்தைக் கூட்டலாம். தம்பி என்றால் என்ன செய்வது? அவன் சின்ன வயசில் இருட்டுக்குப் பயந்து அவள் தாவணி முனையைப் பிடித்துக்கொண்டு தூங்கியவன். அவன் ஒரு வக்கீலிடம் போய் உட்கார்ந்து அக்காவின் பெயரையும் முகவரியையும் எழுத்து எழுத்தாகச் சொல்லியிருக்கிறான். பின்கோடுகூடத் தப்பாமல்.

"மேல சொல்லட்டுமா? தண்ணி குடிக்கறீங்களா?"

"சொல்லுங்க."

கண்ணாடிப் பெண் ஒவ்வொரு பத்தியாக விரலை வைத்துப் போனாள். வீடு அம்மா பெயரில் இருந்தது என்று தம்பி சொல்கிறான். அம்மா உயில் எழுதாமல் இறந்துவிட்டார் என்கிறான். பிள்ளைகள் இரண்டே பேர், ஆகவே தனக்குச் சரிபாதி என்கிறான். அந்தப் பாதியைப் பிரித்துத் தனியாக ஒப்படைக்கக் கேட்கிறான்.

"அடுத்தது இது. 'தாங்கள் மேற்படி சொத்து முழுவதையும் தனித்து அனுபவித்து வருகிறீர்கள்.'"

"என்னது?" பெஞ்சு கிறீச்சிட்டது. பார்லர் அக்கா எழுந்துவிட்டாள். "அனுபவிக்கறேனா? நானா? என்னத்தங்க அனுபவிச்சேன்? அம்மா படுத்த படுக்கையா கிடந்தப்ப புரட்டிப் போட்டது யாரு? மழைக்கு ஒழுகுதுன்னு நாலு பாத்திரத்த வெச்சுக்கிட்டு முழிச்சிருந்தது யாரு? ஆமா, அனுபவிச்சேன்! நல்லா அனுபவிச்சேன்!"

"உக்காருங்கக்கா" என்றாள் கண்ணாடிப் பெண். அவளுக்கும் அது தானாக வந்துவிட்டது. "பத்திரத்துல, நோட்டீஸ்ல எல்லாம் அனுபவம்னா சந்தோஷம் இல்ல. நீங்க அந்த வீட்டுல இருக்கறீங்க, புழங்கறீங்க. அவ்வளவுதான் அதுக்கு அர்த்தம். உங்க தம்பி உங்கள நக்கல் பண்ணல. அது வக்கீலோட வார்த்தை."

உட்கார்ந்தாள். ஆனால் அந்த வார்த்தை போய் உட்காரவில்லை. இங்கே எல்லா வார்த்தைக்கும் உள்ளே இன்னொரு வார்த்தை இருக்கிறது. கட்சிக்காரர் கட்சிக்காரர் இல்லை, அனுபவம் அனுபவம் இல்லை, கண்டது கண்டது இல்லை. அப்படியானால் தம்பி தம்பிதானா?

"தவறும் பட்சத்தில் தக்க நீதிமன்றத்தை அணுகிப் பரிகாரம் தேடிக்கொள்ள நேரிடும்னு முடிச்சிருக்காங்க. செலவுக்கும் நீங்கதான் பொறுப்புன்னு சொல்றாங்க."

"பரிகாரமா? தப்பு செஞ்சவங்கதானே பரிகாரம் செய்வாங்க? அப்ப அவன் தப்பு செஞ்சத அவனே ஒத்துக்கறானா?"

"இல்லக்கா. பரிகாரம்னா கோர்ட்டு மூலமா கிடைக்கற தீர்வு. நீங்க குடுக்கலன்னா கேஸ் போடுவேன்னு சொல்றாரு. இப்ப நீங்க எனக்குத் திருப்பிச் சொல்லுங்க. நான் இத படிக்காத ஆளுன்னு நினைச்சுக்குங்க."

பார்லர் அக்கா பள்ளிக்கூடத்தில் எழுப்பி நிறுத்தப்பட்டவள் மாதிரி ஆரம்பித்தாள். "தம்பி வக்கீல் வெச்சு லெட்டர் போட்டிருக்கான். வீட்டுல பாதி கேக்கறான். பதினஞ்சு நாளுக்குள்ள குடுக்கலன்னா என்ன வெளிய தள்ளிடுவான்."

"கடைசிது இதுல இல்ல. கோர்ட்டுக்குப் போவேன்னுதான் இருக்கு. வெளிய தள்ளறதப் பத்தி ஒரு வார்த்தையும் இல்ல."

"கோர்ட்டுக்குப் போவான்." சொல்லிப் பார்த்தாள். நடு நெஞ்சில் இருந்த கல் கொஞ்சம் நகர்ந்து பக்கத்தில் உட்கார்ந்தது. இப்போது கேட்க வேண்டியதைக் கேட்டுவிடலாம் என்று தைரியம் வந்தது. மேஜையில் இரண்டு கையையும் ஊன்றி முன்னால் சாய்ந்தாள்.

"இப்ப சொல்லுங்க மேடம். நான் குடுக்கணுமா? வேணாமா? அம்மாவ நான்தான பாத்துக்கிட்டேன். அதுக்குச் சட்டத்துல ஒண்ணும் கிடையாதா? அவன்கிட்ட போன்ல பேசட்டுமா? பேசினா தப்பாயிடுமா?"

கண்ணாடிப் பெண்ணின் உதடு திறந்தது. ஏதோ ஒரு பதில் நுனிநாக்குவரை வந்துவிட்டது, அதைப் பார்லர் அக்கா பார்த்தாள். பிறகு உதடு மூடிக்கொண்டது. பென்சில் மேஜையில் ரெண்டு தட்டு தட்டியது.

"அத நான் சொல்லக் கூடாதுக்கா."

"ஏன்? உங்களுக்குத் தெரியாதா?"

"தெரிஞ்சாலும் சொல்லக் கூடாது."

"இவ்வளவு நேரம் ஒவ்வொரு வார்த்தையா பிட்டுப் பிட்டு வெச்சீங்க. இப்ப நான் கேக்கறது ஒரே ஒரு கேள்வி. அதுக்கு வாய மூடிக்கிட்டா என்ன அர்த்தம்? பாதி ஆத்துல இறக்கிவிட்டா நான் எந்தப் பக்கம் போறது?"

ஆரன் மாமா அவள் முழங்கையைத் தொட்டார். தட்டிவிட்டாள்.

"காகிதத்துல இருக்கறத நான் சொல்லலாம். இல்லாதத இல்லன்னு சொல்லலாம்" என்றாள் கண்ணாடிப் பெண். குரலில் கோபமில்லை, ஆனால் கதவைச் சாத்துகிற உறுதி இருந்தது. "உங்க பத்திரத்த நான் பாக்கல. உங்க அம்மா என்ன எழுதி வெச்சாங்கன்னு எனக்குத் தெரியாது. இந்தக் காகிதத்த மட்டும் பாத்துட்டு நான் ஒரு யோசனை சொல்லி, அது தப்பா போச்சுன்னா நஷ்டம் எனக்கு இல்ல, உங்களுக்கு. எனக்கு அந்தப் படிப்பும் இல்ல, அனுமதியும் இல்ல."

பார்லர் அக்கா பதில் சொல்ல வாயைத் திறந்தவள் அப்படியே நிறுத்திக்கொண்டாள். போன மாதம் ஒரு பெண் கன்னத்தில் கறுப்பாகத் திட்டு ஒன்றைக் காட்டி, 'இது என்னக்கா, எதப் பூசினா போகும்' என்று கெஞ்சியது ஞாபகம் வந்தது. இவளுக்கும் ஒரு ஊகம் இருந்தது. ஆனால் சொன்னது ஒன்றுதான்: பூசுவது என் வேலை, இது என்னன்னு சொல்வது தோல் டாக்டர் வேலை. அந்தப் பெண் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு போனாள். தன் முகமும் இப்போது அப்படித்தான் இருக்கிறது போலும்.

"டாக்டர் உள்ள இருக்காரா?" என்றாள்.

"யாரு?"

"வக்கீல்."

"இருக்காரு. அடுத்து நீங்கதான்." கண்ணாடிப் பெண் ஒரு வெள்ளைத் தாளில் நாலைந்து வரி எழுதினாள், வக்கீல் வார்த்தை ஒன்றுகூட இல்லாமல். யார் அனுப்பியது, என்ன கேட்கிறார், எப்போதைக்குள், கொடுக்காவிட்டால் என்ன செய்வேன் என்கிறார். அடியில் கோடு போட்டு, 'வக்கீலிடம் கேட்க வேண்டியவை' என்று எழுதி, அவள் கேட்ட கேள்விகளை அவள் கேட்டபடியே எழுதினாள். அம்மாவைப் பார்த்துக்கொண்டது முதற்கொண்டு.

உள்ளே இருந்தவர் ஒல்லியானவர். கறுப்புக் கோட்டு நாற்காலியின் முதுகில் தொங்கியது. இருமிக்கொண்டே நோட்டீஸைப் படித்தார். ஆரன் மாமா கையெழுத்துப் போட்ட தேதியைப் பார்த்ததும் நிமிர்ந்தார்.

"எந்த நாள் கணக்குங்கறதுல வாதம் பண்ணிக்கிட்டு இருக்க வேணாம். கைக்கு வந்த நாளையே வெச்சுக்குவோம். இன்னும் சில நாள் இருக்கு. அதுக்குள்ள பதில் நோட்டீஸ் போயிடணும். நாளைக்கே வீட்டுப் பத்திரம், அம்மாவோட இறப்புச் சான்றிதழ், வரி ரசீது எல்லாம் கொண்டாங்க. பங்கு யாருக்கு எவ்வளவுன்னு அத பாத்துட்டுத்தான் சொல்வேன். இப்ப எனக்கு ஒண்ணு தெரியணும்." விரலை ஒரு வரியில் வைத்தார். "'எமது கட்சிக்காரர் பலமுறை கேட்டும் தாங்கள் மறுத்துவிட்டீர்கள்.' பதில்ல இதுக்கு நாம ஏதாவது சொல்லியாகணும். கேட்டாரா?"

"இல்லவே இல்ல சார்" என்றார் ஆரன் மாமா.

"நான் அவங்களக் கேட்டேன்."

பார்லர் அக்கா இல்லை என்று சொல்லத்தான் வாயெடுத்தாள். அதற்குள் முன் அறைக் கண்ணாடி மனசில் வந்து நின்றது. அம்மா போன சமயத்தில் வந்திருந்தவன் அந்தக் கண்ணாடி முன்னால் நின்று, 'அக்கா, எனக்குன்னு இங்க ஒரு இடம் இல்லையா?' என்று கேட்டான். சிரித்துக்கொண்டேதான் கேட்டான். இவள் சீப்பைக் கையில் வைத்துக்கொண்டு, 'இந்த நாற்காலில உக்காரு, நரைக்கு டை அடிச்சு விடறேன்' என்றாள். அவனும் சிரித்தான். இன்னொரு தடவை போனில், 'மாடியில ஒரு ரூம் எடுத்தா என்னக்கா?' என்றான். 'மாடிக்குப் படியே இல்லடா' என்றாள். அப்புறம் ஒரு நாள், கட்டில் என்ன ஆச்சு என்று கேட்டான். வித்துட்டேன் என்றாள். அதற்குப் பிறகு அவன் போன் வரவில்லை. வேலை அதிகம் போல என்று இருந்துவிட்டாள்.

"கேட்டான் சார்" என்றாள். "பலமுறை கேட்டிருக்கான். அது கேக்கறதுன்னு எனக்குத்தான் புரியல."

வக்கீல் பேனாவை மூடி வைத்தார். தடுப்புக்கு அந்தப் பக்கம் கண்ணாடிப் பெண் யாருக்கோ 'கட்சிக்காரர்னா' என்று ஆரம்பிப்பது கேட்டது.

"சரி. மறுத்தீங்களா இல்லையாங்கறத எப்படி எழுதறதுன்னு நான் பாத்துக்கறேன்."

"அவன்கிட்ட பேசலாமா சார்?"

"பேசலாம். தடை ஒண்ணும் இல்ல. ஆனா என்னக் கேக்காம எதுலயும் கையெழுத்துப் போடாதீங்க. இதத் தரேன் அதத் தரேன்னு வாயால எதையும் ஒத்துக்காதீங்க."

"என்ன பேசறது சார்?"

வக்கீல் சிரித்த மாதிரியும் இருந்தது, இருமின மாதிரியும் இருந்தது. "அந்தக் கேள்வி என் மேஜைக்கு வராதும்மா."

வெளியே வந்தார்கள். ஜெராக்ஸ் மெஷின்கள் ஓடிக்கொண்டிருந்தன. சுவரோரம் நிழல் பார்த்து நின்று, பார்லர் அக்கா தம்பியின் எண்ணை அழுத்தினாள். மணி அடித்துக்கொண்டே இருந்தது. வைத்துவிடலாம் என்று நினைத்தபோது எடுத்தான்.

"அக்கா" என்றான். பிறகு, "நோட்டீஸ் வந்துச்சா?"

"வந்துச்சுடா. படிச்சேன். ஒரு மேடம் எல்லா வார்த்தைக்கும் அர்த்தம் சொன்னாங்க. எல்லாம் புரிஞ்சுது." மூக்கைப் புறங்கையால் துடைத்துக்கொண்டாள். "நீ முன்னாடி கேட்டதுதான் புரியல. இப்ப எனக்குப் புரியற மாதிரி கேளு."

அந்தப் பக்கம் ஏதோ கதவு சாத்துகிற ஓசை, பிறகு அவன் மூச்சு.

"வேலை போயிடுச்சுக்கா. ஆறு மாசம் ஆச்சு. எனக்கு வீட்டுக்கு வரணும்."

வாடா என்கிற ஒரு வார்த்தை அவள் வாய் முழுக்க நிரம்பி நின்றது. அதே சமயம் வக்கீலின் விரலும் கண் முன்னால் நின்றது: வாயால எதையும் ஒத்துக்காதீங்க. வாடா என்பது ஒத்துக்கொள்வதில் சேருமா? பாதி வீட்டுக்கு வா என்று அர்த்தமாகுமா, ஒரு வேளை சோற்றுக்கு வா என்று அர்த்தமாகுமா? இதற்கும் உள்ளே வேறொரு அர்த்தம் இருந்து தொலைத்தால்? மையத்தின் வாசலைத் திரும்பிப் பார்த்தாள். உள்ளே ஓடிப்போய்க் கேட்கலாம். விளக்கத்தில் கேட்பதா, ஆலோசனையில் கேட்பதா என்றுதான் தெரியவில்லை.

"அக்கா? இருக்கியா?"

"வாடா" என்றாள். "கட்டில்தான் இல்ல. நாற்காலி நல்லா சாயும்."

ஆரன் மாமா கண்ணை அகல விரித்துக்கொண்டு அவள் பக்கம் குனிந்தார். "ஏய், ஒத்துக்கிட்டியா?" என்று கிசுகிசுத்தார்.

"தெரியலைங்க" என்றாள் பார்லர் அக்கா.